ஆடியிலும் மார்கழியிலும் ஒரே சம்பளம்: கல்யாண போட்டோகிராபருக்கான கணக்கு வழி

ஆனி மாதம் முடியும்போது கல்யாண போட்டோகிராபரின் வங்கிக் கணக்கைப் பார்த்தால் அவர் வசதியானவர் போலத் தெரியும். வைகாசி முகூர்த்தங்களின் பணமும் ஆவணிக் கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸும் ஒன்றாகக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் புது லென்ஸ் வாங்கத் தோன்றும், வீட்டுக்கு ஃபிரிட்ஜ் மாற்றத் தோன்றும். ஆடி பிறந்து மூன்றாவது வாரம் வரும்போது பள்ளிக்கூடக் கட்டணத்துக்குக் கைமாற்றுத் தேடுவதும் அதே ஆள்தான்.

கேரள-தமிழக எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தொழில் செய்கிறவர்கள், எல்லைக்கு இருபுறமும் வாடிக்கையாளர்கள் இருப்பதால் ஒரு பக்கம் ஓய்ந்தால் மறுபக்கம் ஓடும் என்று நினைப்பதுண்டு. அப்படி நடப்பதில்லை. பொள்ளாச்சிக்காரருக்கு ஆடி என்றால் பாலக்காட்டுக்காரருக்கு அதே நாட்களில் கர்க்கடகம். இங்கே மார்கழி, அங்கே தனு. சிங்ஙம் பிறந்ததும் குருவாயூரில் கல்யாணங்கள் குவியும்போது இங்கே ஆவணி முகூர்த்தங்களும் குவியும். இரண்டு பஞ்சாங்கங்களும் ஒரே சமயத்தில் நிரம்புகின்றன, ஒரே சமயத்தில் காய்கின்றன.

வருமானத்தை நாம் சமப்படுத்த முடியாது. வீட்டுக்குப் போகும் பணத்தைச் சமப்படுத்த முடியும். தொழிலுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு வைத்து, முதலதிலிருந்து இரண்டாவதுக்கு மாதம் ஒரு முறை ஒரே தொகையை அனுப்புவதுதான் வழி. கேட்கச் சுலபம். அந்தத் தொகை எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு கணக்குகள்

தொழிலுக்கு, ஸ்டூடியோவின் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு திறப்பது நல்லது. தனிநபர் தொழிலுக்குப் பெரிய பதிவுகள் தேவையில்லை. தொழில் நடப்பதற்கான ஆதாரங்களை வங்கி கேட்கும்; உத்யம் பதிவுச் சான்றும் பஞ்சாயத்து உரிமமும் இருந்தால் பொதுவாகப் போதும். உத்யம் பதிவை ஆதாரை வைத்து அரசு இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. நடப்புக் கணக்குக்கு வட்டி வராது, குறைந்தபட்ச இருப்பும் வைக்க வேண்டியிருக்கும். அந்த இருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு திறக்க வேண்டும். வீட்டுக் கணக்கு உங்கள் பழைய சேமிப்புக் கணக்காகவே இருக்கட்டும். ஈஎம்ஐ, மின்கட்டணம், சீட்டு எல்லாம் ஏற்கெனவே அதிலிருந்துதான் போகும். அவற்றைத் தொட வேண்டாம்.

கணக்கு திறப்பதைவிடக் கடினமானது, பணத்தைச் சரியான கணக்குக்கு வரவைப்பது. வாடிக்கையாளர்கள் உங்கள் மொபைல் எண்ணுக்குத்தான் பணம் அனுப்புவார்கள். யுபிஐ செயலியில் அந்த எண்ணுக்கு எந்தக் கணக்கு முதன்மைக் கணக்காக இருக்கிறதோ அதில்தான் பணம் விழும். பெரும்பாலும் அது வீட்டுக் கணக்காக இருக்கும். அதனால் புதுக் கணக்கு திறந்த அன்றே, பணம் பெறும் முதன்மைக் கணக்கைத் தொழில் கணக்காக மாற்றிவிட்டு, நண்பர் ஒருவரை ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அவர் பயன்படுத்தும் செயலி வேறாக இருந்தால் அதிலிருந்தும் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டூடியோ மேசையில் ஒட்டியிருக்கும் பழைய க்யூஆர் அட்டையையும் மாற்ற வேண்டும். ஸ்டிக்கர் மாறாமல் நின்றுபோவதால் பாதிப் பணம் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருப்பதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

செலவுக்கு இதன் நேரெதிர். டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் ஸ்கேன் செய்யும்போது வீட்டுக் கணக்கு மட்டும் கையருகில் இருக்க வேண்டும். தொழில் கணக்கை வேறொரு செயலியில் வைத்துவிட்டால், அவசரத்தில் விரல் அங்கே போகாது.

ரொக்கமாக வாங்கினால் அடுத்த வேலை நாளில் அப்படியே தொழில் கணக்கில் கட்ட வேண்டும். மண்டபத்தில் வாங்கிய ரொக்கத்திலிருந்து வீடியோக்காரருக்கு அங்கேயே கொடுத்துவிட்டால், வந்ததையும் கொடுத்ததையும் இரண்டு வரிகளாக நோட்டில் எழுதிவிட வேண்டும். மிச்சத்தை மட்டும் வரவாக எழுதினால் ஆண்டு முடிவில் உங்கள் மொத்த வசூல் எவ்வளவு என்றே தெரியாது. ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கல்யாணம் ஒன்றுதான். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

கணக்கில் இருக்கும் பணமும் உங்கள் பணமும்

சம்பளத் தொகையைக் கணக்கிடும் முன் ஒரு கல்யாணத்தின் பணம் எப்படி வந்து போகிறது என்று பார்த்துவிடுவோம். 80,000 ரூபாய்க்குப் பேசிய ஒரு வேலை. முன்பதிவின்போது 20,000 அட்வான்ஸ், கல்யாணத்தன்று 40,000, ஆல்பம் கொடுக்கும்போது மீதி 20,000. இதில் வெளியே போவது: வீடியோக்காரருக்கு 12,000, இரண்டாவது போட்டோகிராபருக்கு 8,000, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 4,000, வீடியோ எடிட்டிங்குக்கு 8,000, ஆல்பம் அச்சுக்கு 13,000. மொத்தம் 45,000. உங்களுக்கு நிற்பது 35,000.

கல்யாணம் முடிந்த மறுநாள் கணக்கைப் பாருங்கள். வந்தது 60,000. வீடியோக்காரர், இரண்டாவது ஆள், வண்டி மூன்றுக்குமாகக் கொடுத்தது 24,000. கணக்கில் 36,000 இருக்கிறது. ஆனால் எடிட்டருக்கும் அச்சகத்துக்கும் இன்னும் 21,000 கொடுக்க வேண்டும். ஆக, அன்று உங்களுடையது 15,000 மட்டுமே. மீதி 20,000, ஆல்பம் கைக்குப் போன பிறகுதான் வரும். அது எப்போது என்பது உங்கள் கையில் இல்லை. “அண்ணா, போட்டோ தேர்ந்தெடுக்க நேரமே கிடைக்கவில்லை, மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்ததும் பார்க்கிறோம்” என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்த 20,000 நான்கு மாதம் தள்ளிப்போகும். தேர்ந்தெடுக்க ஒரு கெடு வைத்து, அதைத் தாண்டினால் மீதித் தொகையை ஆல்பத்துக்கு முன்பே தர வேண்டும் என்று முன்பதிவுத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. அட்வான்ஸ் வாங்கும்போது எல்லோரும் சரி என்பார்கள்; கல்யாணம் முடிந்தபின் கேட்டால்தான் மனத்தாங்கல்.

அட்வான்ஸ் நிலைமை இன்னும் மோசம். படம் எடுக்கும்வரை அது வாடிக்கையாளரின் பணம். நிச்சயம் தடைபட்டால் திருப்பிக் கேட்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடவே வருவார். ஆடியில் ஆவணி அட்வான்ஸ்கள் வரிசையாக வருவதால் காய்ந்த மாதம் காய்ந்ததாகவே தோன்றாது. அதைச் சாப்பிட்டுவிட்டு ஆவணியில் வேலைக்குப் போனால், ஆட்களுக்குக் கூலி கொடுக்க அடுத்த அட்வான்ஸைத் தேட வேண்டியிருக்கும். தொழிலில் வேலை நிறைய இருந்தும் பணம் இல்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தச் சுழலில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே மாதம் ஒருமுறை, சம்பளத்துக்கு முந்தைய நாள், நோட்டில் ஒரே ஒரு கழித்தல் போட வேண்டும். வங்கி இருப்பிலிருந்து, இன்னும் எடுக்காத கல்யாணங்களின் அட்வான்ஸைக் கழிக்க வேண்டும். எடுத்து முடித்த வேலைகளுக்கு வெளியாட்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதைத் தனி இருப்பு என்று வைத்துக்கொள்வோம். இனி நாம் பேசப்போகும் எல்லா முடிவுகளும் அந்தத் தொகையைப் பார்த்துத்தான். வங்கிச் செயலி காட்டும் தொகையைப் பார்த்து அல்ல.

சராசரி ஏன் ஏமாற்றும்

இப்போது கடந்த ஆண்டின் 12 மாத வங்கிப் பட்டியலையும் முன்பதிவு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்காக நின்ற தொகை எவ்வளவு என்று எழுத வேண்டும். மேலே பார்த்த கல்யாணம் மே மாதம் நடந்து ஆல்பம் செப்டம்பரில் போனது என்றால், மே மாதத்தில் 15,000, செப்டம்பரில் 20,000. ஒரு மாலை நேரம் முழுவதும் பிடிக்கும் வேலை, ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை.

ஓர் உதாரணம். வேலந்தாவளத்தில் தனியாக ஸ்டூடியோ நடத்தும் ஒரு போட்டோகிராபரின் ஆண்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

| மாதம் | உங்கள் பங்கு (ரூபாய்) |
|---|---|
| ஏப்ரல் | 70,000 |
| மே | 95,000 |
| ஜூன் | 90,000 |
| ஜூலை | 25,000 |
| ஆகஸ்ட் | 20,000 |
| செப்டம்பர் | 95,000 |
| அக்டோபர் | 30,000 |
| நவம்பர் | 70,000 |
| டிசம்பர் | 30,000 |
| ஜனவரி | 35,000 |
| பிப்ரவரி | 1,00,000 |
| மார்ச் | 60,000 |

மொத்தம் 7,20,000. மாதச் சராசரி 60,000. இதிலிருந்து இரண்டு செலவுகள் ஒவ்வொரு மாதமும் போகும். ஸ்டூடியோ வாடகை, மின்சாரம், இணையம், மென்பொருள் சந்தா எல்லாம் சேர்ந்து 8,000. கேமரா, லென்ஸ், கணினி ஆகியவற்றை மாற்றுவதற்கான ஒதுக்கீடு 6,000. இரண்டாவதை விட்டுவிட ஆசை வரும். கேமரா தேய்வது கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் ஒருநாள் முகூர்த்த நேரத்தில் நின்றால்தான் தெரியும். ஆகவே அது வாடகையைப்போலவே கட்டாயச் செலவு.

60,000-லிருந்து 14,000 போனால் 46,000. பலரும் இங்கே நின்று 46,000-ஐச் சம்பளமாக வைத்துவிடுகிறார்கள். அதை மாதம் மாதமாக ஓட்டிப் பாருங்கள். மாதம் வெளியே போவது 60,000. ஏப்ரலில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் மாத முடிவில் 10,000 மிஞ்சும். மே முடிவில் 45,000. ஜூன் முடிவில் 75,000. ஜூலையில் 40,000 ஆகக் குறையும், ஆகஸ்டில் சரியாகப் பூஜ்யம். ஆடியைத் தாண்டிவிட்டோம் என்று பெருமூச்சு விடலாம். செப்டம்பரில் 35,000, அக்டோபரில் 5,000, நவம்பரில் 15,000. டிசம்பரில் 15,000 பற்றாக்குறை, ஜனவரியில் 40,000 பற்றாக்குறை. பிப்ரவரியில் பற்றாக்குறை அடைந்து, மார்ச் முடிவில் பூஜ்யம். ஆண்டுக் கணக்கு சரியாகவே முடிகிறது. ஆனால் நடுவில் இரண்டு மாதம் முழுச் சம்பளம் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, பள்ளம் ஆடியில் இல்லை என்பது. ஆடிக்கு முன்னால் மூன்று நல்ல மாதங்கள் இருக்கின்றன, அவை தாங்கிவிடுகின்றன. ஆடி தின்றதை ஆவணி முழுதாக நிரப்புவதற்குள் புரட்டாசி வருகிறது. அதை ஐப்பசி, கார்த்திகை நிரப்புவதற்குள் மார்கழி வருகிறது. ஆகவே இந்த ஆளுக்கு உண்மையான அடிமட்டம் தை பிறக்கும் நேரம். ஆடிக்குப் பயப்படுகிறவர்கள் பொங்கலுக்குக் கடன் வாங்குவது இதனால்தான்.

தொகையைத் தீர்மானிப்பது

சம்பளத்தை 40,000 ஆகக் குறைத்து மறுபடி ஓட்டுவோம். மாதம் வெளியே போவது 54,000. ஏப்ரலில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஜூன் முடிவில் 93,000 இருக்கும். ஆகஸ்ட் முடிவில் 30,000. ஜனவரி முடிவில் 20,000. மார்ச் முடிவில் 72,000. எங்கும் பற்றாக்குறை இல்லை. ஆனால் ஜனவரியில் கையில் இருக்கும் 20,000 என்பது ஒரே ஒரு ஆல்பத்தின் மீதித் தொகை. ஒரு வீட்டில் தாமதித்தால் போதும், கணக்கு காலி.

அதே 40,000-ஐ ஏப்ரலில் தொடங்காமல் ஜூலையில் தொடங்கினால் என்ன ஆகும்? ஜூலையில் 29,000 பற்றாக்குறை, ஆகஸ்டில் 63,000, நடுவில் கொஞ்சம் ஏறி இறங்கி ஜனவரியில் 73,000 பற்றாக்குறை. ஒரே வருமானம், ஒரே சம்பளம். தொடங்கிய மாதம் மட்டும் வேறு. இந்த 73,000-தான் நமக்குத் தேவையான எண். காய்ந்த மாதத்தில் தொடங்கி ஓட்டிப் பார்க்கும்போது வரும் மிக ஆழமான பள்ளம் எவ்வளவோ, அவ்வளவு பணம் அந்தக் காய்ந்த மாதம் பிறக்கும் முன் தனி இருப்பில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மாத வெளிச்செலவையும் சேர்த்துக்கொண்டால், ஓரிரு வேலைகள் ரத்தானாலும் ஆல்பப் பாக்கி தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம். இங்கே 73,000-உடன் 54,000 சேர்ந்தால் 1,27,000. ‘ஆறு மாதச் செலவை ஒதுக்கி வை’ என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் விதியை நான் நம்புவதில்லை. உங்கள் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை உங்கள் 12 மாதங்கள்தான் சொல்லும்.

1,27,000 கையில் இல்லாதவர் என்ன செய்வது? முதல் ஆண்டு மட்டும் 35,000 எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிச்செலவு 49,000 ஆகும். ஏப்ரலில் தொடங்கினால் ஜூன் முடிவில் 1,08,000 சேர்ந்திருக்கும், ஜனவரியின் அடிமட்டத்திலும் 70,000 இருக்கும், மார்ச் முடிவில் 1,32,000. தேவைப்பட்ட இருப்பு வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு ஏப்ரலிலிருந்து 40,000 எடுக்கலாம்.

ஏப்ரல்வரை காத்திருக்க முடியாதென்றால் செப்டம்பரில் தொடங்கலாம். 35,000 சம்பளத்தில், ஜனவரியில் 15,000 வரை இறங்கி, பிப்ரவரியில் மேலே வந்துவிடும். அதே செப்டம்பரில் 40,000 எடுத்தால் ஜனவரியில் 10,000 இடிக்கும். ஜூலையில் மட்டும் வெறுங்கையோடு தொடங்கக் கூடாது, 35,000-கூடத் தாங்காது. ஆடியில் இதைப் படிக்கிறவர்கள் அந்த மாதத்தைக் கணக்கு திறக்கவும் நோட்டு எழுதவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடந்த ஆண்டின் மாதங்கள் அப்படியே திரும்பி வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். முகூர்த்த நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் மாதம் மாதமாக முகூர்த்தங்களை எண்ணி, போன ஆண்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு மாதம் பாதியாகக் குறைந்திருந்தால் பட்டியலில் அந்த எண்ணைக் குறைத்து மறுபடி ஓட்ட வேண்டும். நிக்காஹ் வேலைகள் அதிகம் செய்கிறவருக்கு ரமலான் காய்ந்த மாதம். அது ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகரும். கிறிஸ்தவக் கல்யாணங்கள் எடுப்பவருக்குத் தவக்காலம்.

மாதந்தோறும் நடக்க வேண்டியது

மேலே ஓட்டிய கணக்கில் ஒவ்வொரு மாதத்தின் வருமானமும் வந்தபிறகே சம்பளம் போகிறது. ஆகவே ஏப்ரல் சம்பளம் மே 1 அன்று போக வேண்டும். 1ஆம் தேதி என்றால் 5ஆம் தேதி ஈஎம்ஐக்கும் வசதி. நெட் பேங்கிங்கில் நிலை உத்தரவு போட்டுவிட்டால் அதுவே போய்விடும். கையால் அனுப்புகிறவர்கள் மாதம் பிறக்கும் முன்பே அனுப்பத் தொடங்குவார்கள். பிறகு அது ‘இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம்’ என்று ஆகி, சம்பளம் என்ற ஏற்பாடே கரைந்துவிடும். இருப்பு போதாத நாளில் நிலை உத்தரவு நிறைவேறாது. அதனால்தான் முந்தைய நாள் அந்தக் கழித்தல்.

தனி இருப்பு ஒரு மாத வெளிச்செலவுக்குக் கீழே, நம் உதாரணத்தில் 54,000-க்குக் கீழே, போனால் அடுத்த சம்பளத்தை 30,000 ஆக்கிவிட வேண்டும். மீண்டும் மேலே வந்ததும் பழைய தொகை. முழுதாக நிறுத்துவதைவிட இது நல்லது. 30,000-க்கு வீட்டில் திட்டம் போட முடியும், பூஜ்யத்துக்கு முடியாது. வீட்டைக் கவனிப்பவரிடம் இந்த இரண்டு எண்களையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எது எப்போது வரும் என்று தெரிந்தால் சண்டை குறையும் என்பதை என் வீட்டிலும் பார்க்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு லட்சம் வந்தது என்று சம்பளத்தை ஏற்றக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், 12 மாதங்களையும் மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அப்போது தனி இருப்பு தேவைக்கு மேல் நின்றால், அந்த உபரியில் ஒரு பகுதியை போனஸாக எடுத்துக்கொள்ளலாம். வெளியூரில் அவசரத்துக்கு வீட்டுக் கணக்கிலிருந்து பெட்ரோலோ மெமரி கார்டோ வாங்கியிருந்தால், ரசீதை வைத்து வாரக் கடைசியில் அதே தொகையைத் தொழில் கணக்கிலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சம்பளம் போதவில்லை என்று தோன்றும். உண்மையில் தொழில் செலவை வீடு சுமந்திருக்கும்.

இருப்புப் பணத்தைச் சீட்டில் போடலாமா என்று கேட்பவர்கள் இங்கே அதிகம், கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யின் கிளை பக்கத்திலேயே இருப்பதால். கேமரா ஒதுக்கீட்டை அதில் போடலாம். எப்போது தேவை என்று ஓரளவு தெரியும். சம்பள இருப்பைப் போடக் கூடாது. மார்கழியில் பணம் வேண்டுமென்றால் ஏலத்தில் தள்ளி எடுக்க வேண்டும், ஜாமீன் காட்ட வேண்டும். அந்தப் பணம் எடுத்த நிமிடம் வரக்கூடிய சேமிப்புக் கணக்கிலோ, நாமே உடைத்துக்கொள்ளக்கூடிய சிறு சிறு வைப்புகளிலோதான் இருக்க வேண்டும். ஒரே வைப்பாகப் போட்டால் 20,000 தேவைக்கு மொத்தத்தையும் உடைக்க நேரும்.

வரியும் வங்கிக் கடனும்

தனிநபர் தொழிலில் நீங்களே உங்களுக்கு அனுப்பிக்கொள்ளும் தொகையைச் சட்டம் சம்பளமாகப் பார்ப்பதில்லை. அது உரிமையாளர் எடுத்த பணம். தொழில் செலவாகக் கழிக்க முடியாது. வரி, நீங்கள் எடுத்த தொகைக்கு அல்ல, தொழிலின் லாபம் முழுவதற்கும். கணக்கில் விட்டுவைத்த 1,32,000-உம் அந்த லாபத்தில் சேர்ந்ததுதான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான இத்தகைய வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைப்பதால் நம் உதாரண ஆளுக்கு வரி இல்லை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதற்கு மேல் சம்பாதிப்பவர்கள் வரிக்கும் மாதம் ஒரு தொகை ஒதுக்கி, அதையும் வெளிச்செலவில் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தொழிலை நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கு விதிகள் வேறு.

தாக்கல் செய்யும்போது இதைச் சம்பள வருமானம் என்ற தலைப்பில் காட்டக் கூடாது. வீட்டுக் கடனுக்குப் போகும்போது தாமே தமக்கு ஒரு சம்பளச் சீட்டு அச்சடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வங்கியில் அது செல்லாது என்பதோடு சந்தேகத்தையும் கிளப்பும். அவர்கள் பார்ப்பது தொழில் வருமானம் காட்டிய முந்தைய ஆண்டுகளின் தாக்கலையும் கணக்குப் பட்டியலையும்தான். தொழில் வரவுகள் ஒரே கணக்கில் சுத்தமாக இருப்பது அப்போது கைகொடுக்கும்.

ஜிஎஸ்டிக்கு உங்கள் பங்கை வைத்து எண்ணக் கூடாது. சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், அது மொத்த வசூலுக்கு. வீடியோக்காரருக்கும் அச்சகத்துக்கும் உங்கள் வழியாகப் போகும் பணமும் அதில் சேரும். 80,000-க்கு 35,000 நிற்கும் தொழிலில், 7,20,000 பங்கு என்றால் மொத்த வசூல் 16 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இன்னும் ஐந்தாறு கல்யாணங்கள் கூடினால் வரம்பு வந்துவிடும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் எடுத்தாலே பதிவு கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சேவை செய்பவர்களுக்கு, மாநிலம் கடந்த வேலைக்கும் அதே 20 லட்சம்தான் வரம்பு. பதிவு செய்த பிறகு வாடிக்கையாளரிடம் வாங்கும் வரியை, தனி இருப்பைக் கணக்கிடும்போது கழிக்க வேண்டிய மூன்றாவது தொகையாக நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.